பகடைப் புதிர்கள்: எதிர் முகத்தில் என்ன? (ஆறாம் ஆண்டு சனிக்கிழமை வகுப்புத் தாள், பட்டர்வொர்த்)

ஒவ்வொரு புதிரிலும் ஒரே பகடைதான். திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறோம். ஒரு பார்வையில் மூன்று முகங்கள் தெரியும்: மேல், முன், வலம். முன் முகம் படத்தின் இடப்பக்கக் கீழே இருக்கும். மூன்றும் சந்திக்கும் முனையில் விரலை வைத்து வலஞ்சுழியாகச் சுற்றினால் மேல், வலம், முன் என்ற வரிசை வரும். இந்த வரிசையைத் தாளின் மூலையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'மேல், முன், வலம்' என்று சுற்றுபவர்களுக்குத்தான் விடை பிசகுகிறது.

ஒரு பார்வையில் சேர்ந்து தெரியும் எந்த இரு முகமும் எதிரெதிர் ஆகாது. எந்தப் புதிரிலும் முதலில் இதைக்கொண்டு கழித்துப் பாருங்கள்.

புதிர் 1
பார்வை அ: மேல் 2, முன் 4, வலம் 1
பார்வை ஆ: மேல் 6, முன் 3, வலம் 4
1, 2, 4 ஆகியவற்றின் எதிர் முகங்கள் எவை?

இரண்டிலும் பொதுவாக இருப்பது 4 மட்டுமே. அதிலிருந்து தொடங்கி இரண்டையும் வலஞ்சுழியாகப் படியுங்கள்.
அ: 4 → 2 → 1
ஆ: 4 → 3 → 6
நேருக்கு நேர் நிற்பவை எதிர் முகங்கள்: 2க்கு 3, 1க்கு 6. எங்குமே தெரியாத 5தான் 4க்கு எதிர்.

ஒன்றை வலஞ்சுழியாகவும் மற்றதை இடஞ்சுழியாகவும் படித்தால் 2க்கு 6, 1க்கு 3 என்று வரும். தவறான விடைகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். இன்னொரு பொறி, 'எதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7' என்று எடுத்துக்கொள்வது. அப்படியானால் 4க்கு எதிர் 3 ஆக வேண்டும். பார்வை ஆவில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கேள்வியில் 'சாதாரணப் பகடை' என்று சொல்லாதவரை 7ஐத் தொடாதீர்கள்.

புதிர் 2
பார்வை அ: மேல் 5, முன் 3, வலம் 1
பார்வை ஆ: மேல் 3, முன் 5, வலம் 6
பார்வை இ: மேல் 5, முன் 1, வலம் 2

அ, ஆ இரண்டிலும் 5, 3 பொது. இரு முகங்கள் பொதுவாக வந்தால் சுற்றிப் படிக்க வேண்டியதே இல்லை: மீதமுள்ள 1, 6 எதிரெதிர். 5, 3 சேரும் விளிம்பின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 6 இருப்பதே காரணம். இந்த இரண்டு பார்வைகளை மட்டும் வைத்து 5க்கு எதிர் 2ஆ 4ஆ என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் இ. அங்கே 5க்குப் பக்கத்தில் 2 நிற்கிறது. ஆகவே 5ஐச் சுற்றி 1, 3, 6, 2, எதிரே 4. மிஞ்சியவை 3, 2.

பார்வை ஆவை 'மேல் 3, முன் 6, வலம் 5' என்று மாற்றி அச்சிட்டிருந்தால்? அதில் 5 → 6 → 3. பார்வை அவில் 5 → 1 → 3. இரண்டும் ஒரே சுற்று, அப்படியென்றால் 1ம் 6ம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பகடை கிடையாது. பயிற்சிப் புத்தகத்தில் இந்த மாதிரிப் படம் கண்ணில் பட்டால் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

புதிர் 3
ஆறு முகங்களில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ.
முதல் பார்வை: மேல் அ, முன் இ, வலம் ஆ
இரண்டாவது: மேல் ஈ, முன் அ, வலம் ஆ
மூன்றாவது: மேல் உ, முன் இ, வலம் அ
ஒரு பார்வையிலும் தெரியாத ஊவுக்கு எதிர் எது?

மூன்றிலும் வரும் எழுத்து அ. அதன் அக்கம்பக்கம் ஆ, இ, ஈ, உ. நான்கும் நிறைந்துவிட்டன, எனவே விடை அ. மற்ற இரண்டு ஜோடிகளையும் நீங்களே கண்டுபிடியுங்கள்.

புதிர் 4
சாதாரணப் பகடை: மேல் 1, முன் 2, வலம் 3. வலப்பக்கமாக ஒருமுறை உருட்டினால் என்ன தெரியும்?
இடப்பக்கம் இருந்த 4 மேலே வரும், 1 வலத்துக்குப் போகும், 2 அசையாது.

சரிபார்க்க
மணிலா அட்டையில் 4 செ.மீ. சதுரங்கள் ஆறைச் சிலுவை வடிவில் வரைந்து வெட்டுங்கள். 12 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளம், ஏ4 தாளுக்குள் அடங்கும். நீளவாக்கில் உள்ள நான்கில் 1ஆவதும் 3ஆவதும் எதிரெதிர், 2ஆவதும் 4ஆவதும் எதிரெதிர். இரு கைகளும் எதிரெதிர். எண்களைப் பென்சிலால் எழுதி, மடித்து ஒட்டி, பார்வைகளோடு ஒப்பிடுங்கள். எண்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி மடியுங்கள். உள்பக்கமாக மடித்துவிட்டு எண்களை முதுகுப்பக்கம் எழுதினால் சுற்று தலைகீழாகிவிடும்.

வீட்டில் இருக்கும் தாயக்கட்டை இதற்கு உதவாது. அதில் எண் உள்ள நீளப் பக்கங்கள் நான்குதான். பாம்பு ஏணிப் பகடை போதும். மாஜோங் பகடையில் 1ம் 4ம் சிவப்பாக இருக்கும். அவை எதிர் முகங்கள் அல்ல, அடுத்தடுத்த முகங்கள்.