குடவோலைக்குப் பின் கணக்கோலை: உத்திரமேரூர் ஏரி வாரியம்

*முனைவர் பட்ட ஆய்வேட்டின் சுருக்கம், வரலாற்றுத் துறை*

கேள்வி

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தேர்தல் முறைக்காகவே போற்றப்படுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொறுப்புக்கு வந்த பிறகு அவரைக் கட்டுப்படுத்தியது எது என்பதே இவ்வாய்வின் கேள்வி.

சான்றுகள்

வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகளும் வரி வரியாக ஒப்பிடப்பட்டன.

தேர்வு

ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தந்த ஓலையை, சபையின் நடுவரான மத்யஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாங்கிப் படிக்க வேண்டும் என 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கிறது. ஓலையை மாற்றக்கூடிய கை எதுவோ, அதையே அனைவரும் பார்க்கும்படி விரிக்கச் செய்தது சபை.

ஏரியில் பெற்ற பயிற்சி

வாரியம் என்பது ஊர்ப்பணியை நடத்தும் குழு. முப்பதின்மருள் முன்பு தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்தவர்களும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களும் 12 பேர் கொண்ட சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு, கொள்ளப்பட்டனர். எஞ்சியவருள் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். ஏரியைக் காத்த அனுபவம், ஊரின் ஆண்டுப் பொறுப்பை ஏற்பதற்கான தகுதிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். பதவிக்காலம் 360 நாள்.

கணக்கு: ஆய்வின் மையம்

வாரியம் செய்து "கணக்குக் காட்டாதே இருந்தார்" மீண்டும் குடத்தில் பெயர் இட முடியாது. தடை அவரோடு நிற்கவில்லை. சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மருமகன் என உறவு முறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கும் அந்த வரிகள், ஒருவர் மறைத்த கணக்குக்கு அவருடைய குடும்பமே வாய்ப்பை இழக்க நேரும் என்ற அச்சத்தை விதியாக்கியுள்ளன. மழைதோறும் வண்டல் படியும் ஏரிக்கு இடைவிடாத பராமரிப்பும் செலவும் தேவை என்பதால், இத்தகைய கண்டிப்பு ஏரி வாரியத்துக்கு மிகவும் பொருந்தும் என ஆய்வு வாதிடுகிறது.

வரம்பு

இது ஒரு பிரமதேயச் சபையின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் சபையின், ஒழுங்கு. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35 முதல் 70 வரையிலான வயதும் கேட்கப்பட்டதால் (ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும்), அந்த ஏரி நீரில் உழுது பிழைத்த நிலமற்றோரின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்க முடியாது. அவர்களுடைய உழைப்பைப் பற்றி இவ்விரு கல்வெட்டுகளும் பேசவில்லை.