நல்லெண்ணெய் என்று நினைத்துக் கடலை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்

ஸ்லைடு 1

நல்லெண்ணெய் என்று நினைத்துக் கடலை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரச்செக்கு. மூன்று எண்ணெய், மூன்று லேபிள், ஐந்து வாரம். நடுவில் நான் தூக்கிப் போட்ட இரண்டு டிசைன்களும் இதிலேயே இருக்கின்றன.

→

ஸ்லைடு 2

சனிக்கிழமை காலை. வாடிக்கையாளர் ஒருவர் எண்ணெய்க் குளியலுக்காக பாட்டிலை எடுத்து உச்சியில் நன்றாக அரக்கித் தேய்த்துவிட்டார். வேர்க்கடலை வாசம். கடைக்கு போன் போட்டு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைக்காரர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே முகம் மாறிவிட்டது. "இது மூணாவது ஆளுங்க."

ஸ்லைடு 3

அவர் என்னிடம் கேட்டது:

"லோகோ பழசாயிருச்சு, கொஞ்சம் மாடர்னா மாத்திக் கொடுங்க."

குளியல் கதையை அவர் இதோடு சேர்த்துச் சொல்லவில்லை. டீ குடித்து முடித்துக் கிளம்பும்போது பேச்சுவாக்கில் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்லைடு 4

(படம்: பழைய லேபிள், மூன்று பாட்டில்களும் பக்கத்தில் பக்கத்தில்)

பழைய லேபிளில் முக்கால்வாசி இடம் கடைப் பெயருக்கும் செக்கு இழுக்கும் மாட்டுக்கும். எண்ணெயின் பெயர் அடியில், 5 மில்லிமீட்டர் உயரத்தில், அதுவும் "எண்ணை" என்று. மூன்றுக்கும் ஒரே மஞ்சள்.

காகித ஸ்டிக்கர், இங்க்ஜெட் அச்சு. மூடியைத் திறந்து ஊற்றினால் கழுத்து வழியாக ஒரு சொட்டு இறங்குமே, அந்தச் சொட்டு போகிற வழியெல்லாம் காகிதம் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பாதிப் பாட்டில் தீர்வதற்குள் எழுத்து போய்விடும்.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை: அவர்கள் செக்கு இப்போது மோட்டாரில் ஓடுகிறது. மாடு இல்லை.

ஸ்லைடு 5

இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

கல்லாவிலிருந்து அலமாரி ஆறடி தூரம். ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் அலமாரிக்குப் பின்னால். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பகலில் பார்த்தால் நிறம் வேறுதான், கருப்பட்டி போட்டு ஆட்டுவதால் நல்லெண்ணெய் ஒரு படி கறுத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று.

பாட்டில் உருண்டை. அடுக்கும்போது லேபிள் சுவரைப் பார்க்குமா நம்மைப் பார்க்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

அப்புறம் இதைப் பார்த்தேன். (படம்: பாட்டில் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட்)

கடையில் வேலை செய்யும் அக்கா நல்லெண்ணெய்ப் பாட்டில்களுக்கு மட்டும் கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "பொட்டியில அடுக்கிட்டா மேல மூடி மட்டும்தானே கண்ணு தெரியும். பேர எங்க பாக்கறது?"

ஸ்லைடு 6

பழைய லோகோவால் வந்த சிக்கல் இல்லை இது.

ஆறடி தூரத்திலிருந்து, எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், பெட்டிக்குள் மேலிருந்து பார்த்தாலும், எது எந்த எண்ணெய் என்று தெரியவில்லை. அதுதான் சிக்கல்.

இந்த இரண்டு வரியை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டி, "இதைச் சரி பண்ணினால் போதுமா, லோகோ அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மாட்டை மட்டும் சின்னது பண்ணிருங்க."

ஸ்லைடு 7

முதல் டிசைன். தோற்றது.

(படம்: கிராஃப்ட் காகித நிறம், நிறைய வெற்றிடம், மெல்லிய எழுத்து)

லேப்டாப்பில் பார்க்க அவ்வளவு அழகு. இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இங்கே போட்டிருக்கிறேன். உண்மையான கிராஃப்ட் காகிதத்தில் ஒன்று அச்சடித்து, விரலில் எண்ணெய் தொட்டு ஒரு தடவை தேய்த்தேன். பஜ்ஜி மடித்த காகிதம்.

அவருடைய அம்மா பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, இது எண்ணெயா, சோப்பா?"

ஸ்லைடு 8

இரண்டாவது டிசைன். இதுவும் தோற்றது, ஆனால் இரவோடு இரவாக.

எண்ணெயின் நிறமே தெரியட்டும் என்று ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர், அதில் வெள்ளை எழுத்து. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பளிச்சென்று இருந்தது. எல்லோருக்கும் பிடித்தது, கடைக்காரர் சரி என்றே சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும். நாங்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தது ஜூலையில், மார்கழி காலையில் இது எப்படி இருக்கும்? பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

(படம்: காலை 6 மணி, ஃபிரிட்ஜ் கதவு, வெள்ளைப் பாட்டில்)

லேபிள் அங்கேதான் இருக்கிறது. வெள்ளை மேல் வெள்ளை.

ஸ்லைடு 9

எழுத்துச் சண்டை.

"கடலை", "தேங்காய்" இரண்டையும் பெரிதாக வைத்து "எண்ணெய்" என்பதை அடியில் சின்னதாகப் போட்டுவிடலாம். நல்லெண்ணெயை அப்படிப் பிரிக்க முடியாது. "நல்ல" என்று மட்டும் பெரிதாகப் போட்டால் மற்ற இரண்டும் கெட்டதா? "எள்" என்று போட்டுப் பார்த்தேன், கடைக்கு வந்த ஒருவர் எள்ளுப் பாக்கெட்டா என்று கேட்டார்.

ஆகவே முழுச் சொல்லும் ஒரே வரியில். ஆறே எழுத்துதான், ஆனால் லெ, ணெ இரண்டுக்கும் கொம்பு முன்னால் வந்து அகலத்தைத் தின்றுவிடுகிறது. உருண்டைப் பாட்டிலில் நேராகப் பார்த்தால் தெரிவது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அதனால் நல்லெண்ணெயின் எழுத்து மற்ற இரண்டையும் விட உயரம் குறைவு, மூன்றையும் வரிசையாக வைத்தால் கண்ணுக்குத் தெரியும். அழகுக்காக மூன்றையும் சமமாக்கியிருந்தால் கடலையும் தேங்காயும் வீணாகச் சுருங்கியிருக்கும். விட்டுவிட்டேன்.

எழுத்துரு: முக்த மலர், எக்ஸ்ட்ரா போல்ட். இரண்டு மூன்று எழுத்துருக்களைச் சின்ன அளவில் அச்சடித்துப் பார்த்ததில் இதில்தான் புள்ளிகள் மை அடைத்துக்கொள்ளாமல் நின்றன. புள்ளி போனால் "எண்ணெய்" "எணணெய" ஆகிவிடும், பழைய எண்ணையே தேவலாம்.

ஸ்லைடு 10

(படம்: மூன்று பாட்டில்கள், முழு ஸ்லைடும்)

நல்லெண்ணெய் கறுப்பு. கடலை செங்கல் சிவப்பு. தேங்காய் பச்சை.

ஸ்லைடு 11

லேபிள் பாட்டிலைச் சுற்றிவருகிறது, எண்ணெயின் பெயர் இரண்டு தடவை. எப்படித் திருப்பி வைத்தாலும் பெரும்பாலும் ஒன்று முன்னால் இருக்கும்.

நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியலாம். அதனால் எள், கடலைக்காய், தேங்காய் மூடி மூன்றும் பெரிய கோட்டோவியமாக. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.

மூடியும் லேபிளின் நிறத்திலேயே. பாட்டில் வாங்கும் இடத்தில் நிற மூடிக்கும் வெள்ளை மூடிக்கும் ஒரே விலைதான். ஐந்து வார வேலையில் அதிகம் உதவியது இதுதான், இது என் யோசனையும் இல்லை. ரப்பர் பேண்ட் மாட்டிய அக்காவுடையது.

மாடு இருக்கிறது. கடைப் பெயருக்குப் பக்கத்தில், சின்னதாக.

ஸ்லைடு 12

பின்பக்கம். யாரும் போர்ட்ஃபோலியோவில் காட்டாத பக்கம்.

14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், பச்சைப் புள்ளி, சத்து விவரப் பட்டியல், நிகர அளவு (1 லிட்டர், 910 கிராம்), முகவரி, புகார் எண். தேதி, பேட்ச், விலை மூன்றுக்கும் மட்டும் லேமினேஷன் இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கிறேன், ஏனென்றால் பளபளப்பான ஸ்டிக்கர் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் கட்டைவிரலோடு வந்துவிடும்.

அச்சு சிவகாசியில், பிளாஸ்டிக் ஃபிலிம் ஸ்டிக்கரில். முதல் ப்ரூஃபில் செங்கல் சிவப்பு ரோஸ் ஆக வந்தது. பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்று சரிபார்த்துவிட்டு வந்தேன்.

ஸ்லைடு 13

என்ன ஆனது?

கடையில் "மாற்றிக் கொடுத்தது" என்று ஒரு நோட்டு உண்டு. பழைய லேபிளின் கடைசி நான்கு வாரத்தில் 11 பாட்டில். புதிய லேபிளின் முதல் நான்கு வாரத்தில் 2, இரண்டும் பழைய சரக்கு கலந்திருந்த முதல் வாரத்தில்.

ரப்பர் பேண்ட் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

விற்பனை கூடியது. ஆனால் நடுவில் தீபாவளி வந்தது, தீபாவளிக்கு நல்லெண்ணெய் விற்காத கடை உண்டா? அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன்.

ஸ்லைடு 14

இன்னும் சரியாகாதது: 200 மில்லி பாட்டில். இடுப்பு வளைவில் லேபிள் சுருக்கம் விழுகிறது. லேபிளின் உயரத்தைக் குறைத்தால் சரியாகும், ஆனால் பின்பக்க எழுத்துக்கு இடம் போதாது. அடுத்த அச்சுக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும், அதுவரை அதில் பழைய லேபிள்தான் ஓடுகிறது, மூடி மட்டும் புதுசு.

ஸ்லைடு 15

பேக்கேஜிங், லேபிள், தமிழ் எழுத்தமைப்பு. ஈரோடு.
முதல் சந்திப்பு உங்கள் கடையில், உங்கள் டீயில்.
மெசேஜ் அனுப்புங்கள்.

பதிவுக்கான கேப்ஷன்

லோகோ மாற்றக் கூப்பிட்டார்கள், மூடியை மாற்றிவிட்டு வந்தேன்.

போர்ட்ஃபோலியோவில் கடைசிப் படத்தை மட்டும் போட்டுவந்தவள்தான் நானும். ஆனால் புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் அந்தப் படத்தைப் பார்த்து "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்கிறார்கள், அவர்கள் விற்பது ஊறுகாயாக இருந்தாலும். அதனால் இந்தத் தடவை ஃபிரிட்ஜில் காணாமல் போன டிசைன் உட்பட எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். கடைப் பெயரை மறைத்திருப்பது அவர்கள் கேட்டுக்கொண்டதால், நோட்டுக் கணக்கைக் காட்டுவது அவர்கள் அனுமதியோடு.

எட்டாவது ஸ்லைடைப் பார்த்துவிட்டு, லேபிள் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது தேங்காய் எண்ணெய்க்கு இதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 200 மில்லிக்கு யோசனை இருந்தால் அதையும்.

வேலை விஷயமாகக் கேட்பவர்களுக்கு: ஜனவரி வரை கை நிறைய வேலை. பொங்கல் கழித்து இரண்டு சின்ன வேலைகளுக்கு இடம் இருக்கிறது. என்ன விற்கிறீர்கள், எங்கே அடுக்கி வைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி, அலமாரியை அப்படியே, ஒழுங்குபடுத்தாமல், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். விலை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ரப்பர் பேண்ட் ஏதாவது இருந்தால் கழற்றிவிட வேண்டாம்.