தங்கள் தகவல் கோரும் மனு பெறப்பட்டது: ந.க. எண் 614/2025/ஆ2, நல்லூர் பெரிய ஏரி

அனுப்புநர்: பொதுத் தகவல் அலுவலர், நீர்வளத்துறை கோட்ட அலுவலகம்
பெறுநர்: திரு. மு. இளங்கோவன், நல்லூர் பெரிய ஏரிப் பாசன விவசாயிகள் சார்பில்
நாள்: 11.06.2025
பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் தாங்கள் அனுப்பிய மனு – பெறப்பட்டமை மற்றும் பதில் தரும் காலம் – தொடர்பாக

ஐயா,

வணக்கம். நல்லூர் பெரிய ஏரி பற்றித் தாங்கள் 05.06.2025 தேதியிட்டு அனுப்பிய மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையுடன் 09.06.2025 அன்று இந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ந.க. எண் 614/2025/ஆ2 என்று பதிவு செய்யப்பட்டுள்ளது. இனி நேரில் வந்தாலும் கடிதம் எழுதினாலும் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். கோப்பை உடனே எடுத்துவிடலாம்.

மனு வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே 09.07.2025, புதன்கிழமைக்குள் தங்களுக்குப் பதில் வரும். மனுவில் உள்ள ஏழு கேள்விகளில் எல்லாவற்றுக்குமான ஆவணங்களும் எங்களிடம் இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும் என்பது இப்போதே தெரிந்தால் தங்களுக்கு வீண் அலைச்சல் இருக்காது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஏரியின் கொள்ளளவு, ஆயக்கட்டு விவரம் (கேள்வி 1), 2019-20 குடிமராமத்துப் பணியின் மதிப்பீடு (கேள்வி 2), அளவுப் புத்தக நகல் (கேள்வி 3), பணம் வழங்கிய பட்டியல்கள் (கேள்வி 4) ஆகியவை எங்கள் கோப்புகளில் உள்ளன. இவற்றுக்கு நாங்களே பதில் தருவோம். குடிமராமத்தில் விவசாயிகள் தங்கள் பங்காகக் கொடுத்த தொகையும் உழைப்பும் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது புரியும். ஆகவே கரை பலப்படுத்தியது, வரத்துக் கால்வாய் தூர்வாரியது என்று பணிவாரியாகப் பிரித்து நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நகலுக்கு ஏ4 பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய் கட்டணம். பக்கங்களை எண்ணி முடித்ததும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குடன் தனிக் கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் தாங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் 30 நாள் கணக்கில் சேராது. அளவுப் புத்தகம் தடிமனானது. முழுவதையும் நகல் எடுப்பதற்கு முன் நேரில் வந்து பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துக் கொடுக்கலாம். ஆவணங்களைப் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அப்படி வர விரும்பினால் முன்கூட்டி ஒரு வரி எழுதுங்கள். ஏரியை அறிந்த பெரியவர் யாரையாவது கூட அழைத்து வருவது நல்லது.

ஆக்கிரமிப்பு பற்றிய 5ஆம் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இன் கீழ் எங்கள் துறை அனுப்பிய அறிவிப்புகள் எங்களிடம் உள்ளன. அவற்றை நாங்கள் தருவோம். ஏரியின் எல்லையைக் காட்டும் புல வரைபடமும் அ-பதிவேடும் வருவாய்த் துறையின் ஆவணங்கள். அந்தப் பகுதியைப் பிரிவு 6(3)இன் கீழ் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இன்றே அனுப்பிவிட்டேன். கீழ்ப்புறத்துச் சிற்றேரி பற்றிய 7ஆம் கேள்வியும் அப்படித்தான். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை; பெரிய ஏரி எங்களுடையது, சிற்றேரி அவர்களுடையது. அந்தக் கேள்வி வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போயிருக்கிறது. இவ்விரண்டுக்கும் தாங்கள் புதிதாக மனுவோ கட்டணமோ தர வேண்டியதில்லை. மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அவர்களே தங்களுக்கு நேரடியாகப் பதில் எழுதுவார்கள். அனுப்பிய கடிதங்களின் நகல்கள் இந்த மின்னஞ்சலுடன் இணைக்கப்பட்டுள்ளன.

அடுத்து 6ஆம் கேள்வி. இரண்டாம் மதகின் அடைப்புப் பலகை இரண்டு ஆண்டாக உடைந்து கிடக்கிறது, ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தகவல் சட்டத்தின்படி கோப்பில் உள்ளதைத்தான் என்னால் தர முடியும். கோப்பில் எழுதப்படாத காரணத்தை நான் உருவாக்கிச் சொல்ல முடியாது. ஆகவே அந்த மதகு பற்றிய ஆய்வுக் குறிப்புகள், மேலதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதங்கள் எதுவானாலும் அவற்றின் நகலைத் தருகிறேன்.

ஆனால் மதகு ஒழுகும்போது நகல் காகிதம் வயலுக்குப் பாயாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் பலகை பொருத்தாவிட்டால் இந்த ஆண்டும் தண்ணீர் நிற்காது. எனவே மதகு பற்றிய பகுதியை மட்டும் குறைதீர் மனுவாகத் தனியே பதிவு செய்து உதவிப் பொறியாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதன் எண் 97/2025/கு.ம. அவர் 20.06.2025, வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கு வந்து பார்வையிடுவார். மதகுக்குப் பக்கத்தில் பயிர் செய்பவர்கள் அன்று இருந்தால் எந்த மட்டத்தில் ஒழுகுகிறது என்று காட்டலாம். பார்வையிட்டதில் தெரிந்தது என்ன, பழுதுபார்க்க மதிப்பீடு தயாரிக்கிறோமா இல்லையா என்பதை 30.06.2025க்குள் எழுத்தில் தெரிவிப்போம். வேலை எந்தத் தேதியில் முடியும் என்பது நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. அதை இன்று உறுதியாகச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

09.07.2025க்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவளிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராத நிலையில் அதற்குக் கடைசி நாள் 08.08.2025. மேல்முறையீட்டு அலுவலர் இந்த வட்டத்தின் கண்காணிப்புப் பொறியாளர். அவர் 30 நாட்களில், காரணம் எழுதி நீட்டித்தால் 45 நாட்களுக்குள், முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தவறினால் நகல்களைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும், தக்க காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அது எனக்கும் பொருந்தும்.

மேலே சொன்ன நகல் கட்டணம் தவிர வேறு எந்தப் பணமும் கிடையாது. இந்த மனுவை முடித்துத் தருவதாக யாராவது தொலைபேசியில் பேசினாலும் நேரில் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் பெயரையும் வந்த நாளையும் எனக்கு எழுதுங்கள். கட்டணம் கேட்கும் கடிதம் என் கையொப்பத்துடன், மனு எண்ணுடன் மட்டுமே வரும்.

தங்களுடன் கையெழுத்திட்டவர்களில் மின்னஞ்சல் இல்லாதவர்கள் பலர் என்று மனுவில் எழுதியிருந்தீர்கள். அவர்களும் படிப்பதற்காக இதன் அச்சுப் பிரதி ஒன்று பதிவுத் தபாலில் தங்கள் முகவரிக்கு வருகிறது. சந்தேகம் ஏதும் இருந்தால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலக நேரத்தில் ஆ2 பிரிவுக்கு நேரிலும் வரலாம்.

இப்படிக்கு,
க. தமிழ்ச்செல்வி
பொதுத் தகவல் அலுவலர்
நீர்வளத்துறை கோட்ட அலுவலகம்

இணைப்பு: 1. வட்டாட்சியருக்கு அனுப்பிய கடித நகல்
2. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிய கடித நகல்

நகல்: உதவிப் பொறியாளர் (97/2025/கு.ம. தொடர்பாக, 20.06.2025 அன்று பார்வையிட)