2023-24 வரித் தணிக்கை: மீதி ஆவணங்களுக்குக் கால அவகாசம் கோருதல், தயாராக உள்ளவற்றின் பட்டியல்

திருப்பூர்
4.9.2024

பெறுநர்
ஆடிட்டர் ஐயா அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பங்குதாரர் நிறுவனத்தின் 2023-24ஆம் நிதியாண்டு வரித் தணிக்கைக்கான ஆவணங்களை வரும் வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 6ஆம் தேதிக்குள் தருமாறு ஆகஸ்ட் 26ஆம் தேதிக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பெரும்பகுதி தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவோம். ஐந்து இனங்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றில் மூன்றுக்குச் செப்டம்பர் 13 வரையும், இரண்டுக்குச் செப்டம்பர் 18 வரையும் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கையைப் பதிவேற்றக் கடைசி நாள் செப்டம்பர் 30. மாதக் கடைசியில் எல்லா நிறுவனங்களின் கோப்புகளும் ஒரே நேரத்தில் உங்கள் மேசைக்கு வரும் என்பதை அறிவேன். அந்த நெருக்கத்தில் எங்கள் கோப்பும் போய்ச் சேரக்கூடாது என்பதால்தான், 18க்குப் பின் ஒரு நாளும் கேட்கவில்லை. சரிபார்க்கவும், எங்களிடம் கேள்வி கேட்கவும், பங்குதாரர்களிடம் கையெழுத்து வாங்கவும் அதன் பிறகு 12 நாட்கள் உங்களிடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தருபவை

1. டேலி கணக்கின் முழுப் பிரதி. முதல் யூனிட்டின் கணக்கு மார்ச் 31 வரை முடிந்திருக்கிறது. இரண்டாவது யூனிட்டின் பதிவுகளும் ஏறிவிட்டன. கடைசி மூன்று மாதச் செலவு வவுச்சர்கள் மட்டும் இன்னும் ஒப்பிடப்படவில்லை. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

2. நடப்புக் கணக்கு, கேஷ் கிரெடிட், இயந்திரக் கடன் ஆகிய மூன்றுக்கும் வங்கி அறிக்கைகள், மார்ச் 31 நிலவரப்படி வங்கி ஒப்பீட்டு அட்டவணை. அன்று பணமாகாமல் இருந்த காசோலைகள் அனைத்தும் ஏப்ரலில் பணமாகிவிட்டன. அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறோம்.

3. பன்னிரண்டு மாத ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி, ஜிஎஸ்டிஆர்-2பி, மூன்றையும் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்ட அட்டவணை. உள்ளீட்டு வரியில் 41,260 ரூபாய் வித்தியாசம் வருகிறது. மார்ச் மாத நூல் பில் ஒன்றை மில் ஏப்ரலில் பதிவேற்றியதே காரணம். பில்லின் நகலும் அந்த மாத 2பியும் கூடவே இருக்கின்றன.

4. நான்கு காலாண்டுகளின் டிடிஎஸ் படிவங்கள், சலான்கள், 26ஏஎஸ், வருடாந்திரத் தகவல் அறிக்கை. ஜாப் ஒர்க் கூலிக்குப் பிடித்தம் செய்ததில் தனிநபர்களுக்கு ஒரு சதவீதம், மற்றவர்களுக்கு இரண்டு சதவீதம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறோம். 50 லட்சத்துக்கு மேல் நூல் வாங்கிய மில்களுக்கு 0.1 சதவீதம் பிடித்த விவரம் தனித் தாளில் உள்ளது.

5. பிஎஃப், இஎஸ்ஐ சலான்கள். தொழிலாளர் பங்கு ஒரு நாள் தாமதமானாலும் கழிவு கிடைக்காது என்று 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் எச்சரித்திருந்தீர்கள். அதனால் ஒவ்வொரு மாதத்துக்கும் பணம் செலுத்திய தேதியைத் தனிப் பத்தியில் எழுதியிருக்கிறோம். பன்னிரண்டு மாதமும் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட்டிருக்கிறது.

6. சொத்துச் சேர்க்கைப் பட்டியலும் பில்களும். நவம்பரில் வாங்கிய தையல் இயந்திரங்கள் 180 நாட்களுக்குக் குறைவாகவே பயன்பாட்டில் இருந்ததால் அவற்றுக்குப் பாதித் தேய்மானம் போட்டிருக்கிறோம். இயந்திரங்களை ஓட்டத் தொடங்கிய தேதிக்கு உற்பத்திப் பதிவேட்டின் நகல் இருக்கிறது.

7. பங்குதாரர் ஒப்பந்தம், திருத்த ஒப்பந்தம், மூலதனக் கணக்குகள், பங்குதாரர் சம்பளமும் 12 சதவீத வட்டியும் கணக்கிட்ட தாள்.

8. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீதுகள், காப்பீட்டுப் பாலிசிகள், முதல் யூனிட்டின் எல்லாச் செலவு வவுச்சர்களும், இரண்டாவது யூனிட்டின் டிசம்பர் வரையிலான வவுச்சர்களும்.

9. ரொக்கப் புத்தகம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது எதுவும் இல்லை என்பதைத் தேதி வாரியாகப் பார்த்து முடித்துவிட்டோம்.

செப்டம்பர் 13 வரை அவகாசம் கேட்பவை

இரண்டாவது யூனிட்டின் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வவுச்சர்கள். அங்கே கணக்குப் பார்த்துவந்த பெண் பேறுகால விடுப்பில் இருக்கிறார். வவுச்சர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன; பில்லோடு ஒப்பிட்டு எண்ணிடும் வேலைதான் பாக்கி. முதல் யூனிட்டிலிருந்து ஒருவரை இதற்கென்றே அனுப்பியிருக்கிறேன்.

வாடிக்கையாளர்களின் நிலுவை உறுதிக் கடிதங்கள். 17 பேரில் 9 பேர் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்கு நினைவூட்டல் போயிருக்கிறது. 13ஆம் தேதி வரை வராதவர்களுக்கு, ஏப்ரலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து வந்த வங்கி வரவுகளை ஆதாரமாகத் தருகிறோம்.

நேரடியாக ஏற்றுமதி செய்த இரண்டு சரக்குகளுக்கான வங்கி வரவுச் சான்றிதழ்கள். பணம் வந்துவிட்டது, வங்கி அறிக்கையில் பதிவாகியும் இருக்கிறது. சான்றிதழ் அடுத்த வாரம் கிடைக்கும் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 18 வரை அவகாசம் கேட்பவை

இந்த இரண்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, குறு, சிறு நிறுவனங்களுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி. 43பி பிரிவின் புதிய உட்பிரிவு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு இது. படிவம் 3சிடியில் 22ஆம் பத்தியையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, செக்கிங், அயர்னிங் என்று எங்கள் வேலை 63 பேரின் கைகளுக்குப் போய் வருகிறது. மார்ச் 31 அன்று அவர்களில் 27 பேருக்கு மொத்தம் 61,40,000 ரூபாய் பாக்கி இருந்தது. 16 பேர் உத்யம் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கான பாக்கி 34,15,000. மீதி 11 பேருக்கான 27,25,000 ரூபாய்தான் இன்னும் தெளிவாகவில்லை.

இந்த 11 பேரில் சிலர் உத்யம் பதிவே செய்யாதவர்கள் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். நால்வர் நூலும் பட்டன், லேபிள் போன்ற பொருட்களும் வாங்கி விற்பவர்கள். அவர்கள் வணிகர்களாகப் பதிவு செய்திருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் பதிவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அப்படி எழுத நான் தயாராக இல்லை. எல்லாரையும் சிறு நிறுவனம் என்றே எடுத்துக்கொண்டு, காலக்கெடுவும் தாண்டிவிட்டதாக முழுத் தொகையையும் வருமானத்தில் சேர்த்தால், முப்பது சதவீத வரி மட்டுமே எட்டு லட்சத்துக்கு மேல் வரும். எவரும் இல்லை என்று எழுதிவிட்டால், நீங்கள் கையெழுத்திடும் அறிக்கை தவறாகிவிடும். இரண்டுமே கூடாது.

சான்றிதழ் வந்த 16 பேருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், அதிகபட்சம் 45 நாள். இல்லாவிட்டால் 15 நாள். பலரோடு எங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லை. நாட்களைப் பில் தேதியிலிருந்து எண்ணாமல், சரக்கு எங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஜாப் ஒர்க்கில் டெலிவரி சலான் ஒரு நாள், பில் பத்து நாள் கழித்து என்பது வழக்கம். எனவே ஒவ்வொரு பில்லுக்கும் சலானை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். மார்ச் 31க்குள் கெடு முடிந்தவை, ஏப்ரலில் கெடுவுக்குள் கொடுத்துத் தீர்த்தவை, கெடு தாண்டிக் கொடுத்தவை என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறேன். இந்த அட்டவணையின் முடிந்த பகுதியை 6ஆம் தேதியே அனுப்புகிறேன். அமைப்பு உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் மீதியையும் அதே முறையில் முடிப்போம்.

இரண்டாவது, 35ஆம் பத்திக்கான அளவுக் கணக்கு: எத்தனை கிலோ நூல் வந்தது, எவ்வளவு துணியானது, எத்தனை ஆடைகள் வெளியே போயின, கழிவு எவ்வளவு என்பது. எங்கள் கட்டடத்துக்குள் இருந்த சரக்கில் சந்தேகம் எதுவும் இல்லை. மார்ச் 31 அன்று எண்ணி எழுதிய தாள்கள் பங்குதாரர் கையெழுத்தோடு இருக்கின்றன. வெளியே மூன்று சாயப்பட்டறைகளில் அன்று 4,180 கிலோ துணி இருந்தது. இரண்டு பட்டறைகள் 2,950 கிலோவை எழுத்துமூலம் உறுதி செய்துவிட்டன. மூன்றாவது பட்டறையில் எங்கள் கணக்கு 1,230 கிலோ என்கிறது, அவர்கள் பதிவேடு 1,190 என்கிறது. 40 கிலோ பெரிய அளவு இல்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அது சாயமேற்றும்போது குறைந்த எடையா, மார்ச் 31க்கு முன்பே எங்களுக்குத் திரும்பி வந்து பதிவாகாத துணியா என்பதைப் பொறுத்து கழிவு விகிதமும் இறுதிச் சரக்கு மதிப்பும் மாறும். இரு தரப்புச் சலான்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கப் பட்டறை உரிமையாளர் வரும் வியாழக்கிழமை, 12ஆம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார். நானே நேரில் போகிறேன்.

இடையில் 7ஆம் தேதி விநாயகர் சதுர்த்தியும், 17ஆம் தேதி மீலாது நபி விடுமுறையும் வருகின்றன. அவற்றைக் கழித்துத்தான் தேதிகளைக் குறித்திருக்கிறேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தயாராக உள்ளவற்றை வைத்து 9ஆம் தேதி திங்கட்கிழமையே வேலையைத் தொடங்க முடியுமா? உங்கள் அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கு எங்கள் கணக்கு அறையில் ஒரு மேசையும் டேலி கணினி ஒன்றும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அடுத்து, உத்யம் பதிவு இல்லை என்று சொல்பவர்களிடம் நிறுவன முத்திரையோடு வாங்கும் ஓர் உறுதிமொழிக் கடிதம் போதுமா, அதில் எந்த வாசகம் இருக்க வேண்டும் என்று தெரிவித்தால், இந்த வாரமே எல்லாரிடமும் வாங்கிவிடுவேன். ஆளுக்கு இருமுறை போய்க் கேட்டால் சின்னப் பட்டறைக்காரர்களுக்குச் சங்கடம். பாக்கி வைத்திருக்கும் நாம் அவர்களை அலைக்கழிப்பதும் முறையல்ல.

மேலே 18ஆம் தேதிக்குச் சொன்னவற்றில் ஏதாவது உங்களுக்கு முன்னதாகவே தேவைப்பட்டால் சொல்லுங்கள், வேலையின் வரிசையை மாற்றிக்கொள்கிறோம். நிர்வாகப் பங்குதாரர் இந்தக் கடிதத்தைப் படித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார். நகல் அவருக்கும் செல்கிறது.

வெள்ளிக்கிழமை கோப்புகளை நேரில் கொண்டுவரும்போது, அவகாசம் பற்றிய உங்கள் முடிவையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்குப் பிரிவு மேலாளர்

இணைப்பு: ஒப்படைக்கும் கோப்புகளின் பட்டியல், இரண்டு பிரதிகள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டுத் தரவும்.