தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மின்னோட்டப் பங்கீடு

24 வோல்ட் டி.சி. சப்ளையுடன் 4 ஓம் மின்தடை R1 தொடராக இருக்கிறது. அதை அடுத்து 6 ஓம் R2, 12 ஓம் R3 இரண்டும் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம்?

தொடர் இணைப்பில் ஒரே பாதைதான். அதனால் எல்லா மின்தடையிலும் ஒரே மின்னோட்டம், மின்னழுத்தம்தான் பிரியும். பக்க இணைப்பில் எல்லாக் கிளைகளும் அதே இரு சந்திகளுக்கு இடையே நிற்பதால் மின்னழுத்தம் ஒன்றே, மின்னோட்டம் பிரியும். கணக்கை எப்போதும் சப்ளையிலிருந்து தூரத்தில் உள்ள பகுதியில் தொடங்கிச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். கீழே Rp என்பது பக்க இணைப்பின் மொத்த மின்தடை, RT என்பது முழுச் சுற்றின் மின்தடை, I என்பது மொத்த மின்னோட்டம்.

```
Rp = (6 × 12) / (6 + 12) = 4 Ω
RT = 4 + 4 = 8 Ω
I  = 24 / 8 = 3 A
I2 = I × R3 / (R2 + R3) = 3 × 12/18 = 2 A
I3 = I × R2 / (R2 + R3) = 3 × 6/18  = 1 A
```

கிளை மின்னோட்டச் சூத்திரத்தில் பின்னத்தின் மேலே எதிர்க் கிளையின் மின்தடை வருவதைக் கவனியுங்கள். தேர்வில் அதிக மதிப்பெண் போவது இங்கேதான். காரணம் தெரிந்தால் மறக்காது: சந்திகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் I × R2R3/(R2+R3). அதை R2 ஆல் வகுத்தால் R2 அடிபட்டு, R3 மேலே நிற்கும். குறைந்த மின்தடையில் அதிக மின்னோட்டம் என்பதை வைத்தே விடையைச் சரிபார்க்கலாம். 6 ஓமில் 1 ஆம்பியர் என்று வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது 4 ஓம் R4 மூன்றாவது கிளையாகச் சேர்கிறது. இரண்டு கிளைக்கான சூத்திரம் இனி செல்லாது. எத்தனை கிளை இருந்தாலும் இது செல்லும்:

```
Ix = I × Rp / Rx
```

Rp 2 ஓம் ஆகிறது, RT 6 ஓம், I 4 ஆம்பியர். கிளைகளில் 1.33, 0.67, 2 ஆம்பியர், கூட்டினால் 4. பழைய 3 ஆம்பியரையே பிரித்தால் எல்லாம் தப்பு. மொத்த மின்னோட்டம் கூடியும் 6 ஓமில் 2 ஆம்பியர் 1.33 ஆகக் குறைந்தது ஏன்? R1 இல் மின்னழுத்த இழப்பு 12 வோல்ட்டிலிருந்து 16 ஆகி, கிளைகளுக்கு 8 வோல்ட்தான் மிஞ்சுகிறது. R1 இல்லாமல் கிளைகள் நேராகச் சப்ளையில் இருந்தால், புதுக் கிளை மற்றவற்றைப் பாதிக்காது. வீட்டில் ஃபேனைப் போட்டாலும் விளக்கு அப்படியே எரிய அதுவே காரணம்.

லேபில் இதைச் செய்யும்போது வாட்டைப் பாருங்கள். முதல் சுற்றிலேயே R1 இல் 36 வாட், R2 இல் 24 வாட். கால் வாட் கார்பன் மின்தடை உடனே கருகிவிடும். அந்தத் திறனும் மின்னோட்டமும் தாங்கும் ரியோஸ்டாட் வேண்டும். அது இல்லையென்றால் 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் இரண்டையும் பக்க இணைப்பில் போட்டு, 12 மில்லி ஆம்பியர், 5.45 மில்லி ஆம்பியர் அளவில் பங்கீட்டைக் காணலாம்.

அம்மீட்டரைக் கிளையைத் திறந்து தொடராக மட்டுமே இணைக்க வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு மின்னழுத்தம் அளந்தால் சப்ளை ஷார்ட் ஆகும். மின்னோட்டம் அளந்து முடித்ததும் வயரை வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.