வாடிக்கையாளர் அத்துமீறினால்: நம் லேப் ஊழியர்களுக்கான நடைமுறை

மதுரை அண்ணா நகர் லேபிலும், வீடுகளுக்குப் போய் சாம்பிள் எடுக்கும் வேலையிலும் இருக்கிற 14 பேருக்கும் இது பொருந்தும். ரிசப்ஷன், டெக்னீஷியன், ரிப்போர்ட் கொண்டுபோகும் தம்பி, கூட்டித் துடைக்கும் அக்கா என யாரும் இதில் விடுபடவில்லை. 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இதுவரை "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்பதுதான் நம்மிடம் எழுதாத விதியாக இருந்தது, அது இனி கிடையாது.

கோபத்தைத் தாங்கலாம், அத்துமீறலைத் தாங்க வேண்டாம்

முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வெறும் வயிற்றில் வந்த சர்க்கரைக்காரரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அவர் சத்தம் போடத்தான் செய்வார். பில்லில் தப்பாகச் சேர்த்திருந்தால், சாம்பிள் உறைந்துபோய்த் திரும்பவும் ஊசி குத்த வேண்டி வந்தால், சாயங்காலம் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட் மறுநாளும் வராவிட்டால் கத்துவதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. அதையெல்லாம் புகாராக எடுத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டியது நாம்தான்.

உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது, மிரட்டுவது, கையை ஓங்குவது, சாதியையோ மதத்தையோ உடம்பையோ இழுத்துப் பேசுவது, தேவையில்லாமல் தொடுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, நம்பரை வாங்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போடுவது, அனுமதியில்லாமல் வீடியோ எடுப்பது இவையெல்லாம் அத்துமீறல். ரிப்போர்ட் தாமதமானது நம் தப்பாகவே இருந்தாலும் இதற்கு அது சாக்கு ஆகாது.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களை அவசரப்பட்டு எடைபோடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவருக்கு வியர்த்து, படபடத்து, எரிச்சலாகப் பேச்சு குழறும். அவரை உட்கார வைத்து உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். மறதி நோய் உள்ள பெரியவர் கையைத் தட்டிவிடலாம், காது கேட்காதவர் உரக்கப் பேசலாம். இவர்கள்மேல் நடவடிக்கை கிடையாது. ஆனால் அடி விழும் இடத்தில் நீங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை, தள்ளி நின்று துணைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது

பேச்சோடு நின்றால் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "சார், ரிப்போர்ட் பத்தி என்ன கேட்டாலும் சொல்றேன், ஆனா இப்படிப் பேசினா என்னால தொடர முடியாது." அப்புறமும் நிற்கவில்லையா, போனை வைத்துவிடலாம், கவுன்டரைவிட்டு எழுந்து மேனேஜரைக் கூப்பிடலாம். தொட்டாலோ, மிரட்டினாலோ, பாலியல்ரீதியாகப் பேசினாலோ அந்த ஒரு தடவைகூடச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் சாம்பிள் எடுக்கும்போதுதான் சிக்கல் அதிகம், ஏனென்றால் அங்கே நீங்கள் தனியாள். யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே வந்துவிடலாம். ஊசி ஏற்கெனவே நரம்பில் இருந்தால் மட்டும் டூர்னிக்கெட்டைத் தளர்த்தி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஊசியை டப்பாவில் போடாமல் அங்கேயே விட்டுவராதீர்கள். தெருவுக்கு வந்ததும் லேபுக்குப் போன், ஆபத்து என்று பட்டால் முதலில் 112. பெண்களுக்கு 181 உதவி எண்ணும் உண்டு. அந்த விசிட்டுக்கான உங்கள் இன்சென்டிவும் பெட்ரோல் காசும் பிடிக்கப்படாது. "பாதியில் வந்துட்டியா" என்று மேனேஜர் கேட்டால் அதுவே தனிப் புகார்.

வீட்டு விசிட்டுக்கு லேப் நம்பரிலிருந்துதான் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். அத்துமீறல் நடந்ததாக ஒருமுறை குறிப்பு எழுதப்பட்ட வீட்டுக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம்.

ஆள் மாற்றச் சொன்னால்

இசிஜி எடுக்க ஒரு பெண் பெண் டெக்னீஷியனைக் கேட்டால் அது நியாயமான கோரிக்கை, அவர் இல்லாத நேரம் என்றால் எப்போது வருவார் என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள். ஆனால் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று சுற்றிவளைத்து விசாரித்துவிட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாதி, மதம் பார்த்து ஆள் மாற்ற மாட்டோம். வேண்டாம் என்றால் அந்த விசிட் ரத்து, முன்பணம் திரும்பப் போய்விடும். இதை மேனேஜர் சொல்ல வேண்டும், அவமானப்பட்டவரையே சொல்ல வைக்கக் கூடாது.

சேவை எங்கே தொடரும், எங்கே நிற்கும்

எடுத்த சாம்பிளைச் சோதிக்காமல் விடக் கூடாது, ரிப்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது, வேண்டுமென்றே தாமதிக்கக் கூடாது. பொட்டாசியமோ சர்க்கரையோ ஆபத்தான அளவில் வந்தால், நம்மை எவ்வளவு திட்டினவராக இருந்தாலும் அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் உடனே போன் போகும். திட்டு வாங்கியவர் பேச வேண்டாம், வேறொருவர் பேசட்டும்.

மகன் அத்துமீறினான் என்பதற்காக அம்மாவின் சோதனை நிற்காது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐஎன்ஆர் தவறாமல் பார்த்தாக வேண்டும், அவரை விட்டுவிட முடியாது. அந்த மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் போவோம், முடியாவிட்டால் லேபுக்கு வரச் சொல்வோம்.

நோயாளியே அத்துமீறினால் முதலில் எழுத்தில் எச்சரிக்கை, அடுத்து வீட்டு விசிட் நிறுத்தம், அதற்கும் மேலே போனால் ஆறு மாதம் லேபுக்கே வர வேண்டாம் என்பது. கை வைத்தால் நேராகக் கடைசிப் படிக்கே போகலாம். முடிவை மேனேஜரும் சீனியர் டெக்னீஷியனும் சேர்ந்து எடுப்பார்கள், சம்பவத்தில் இருந்தவர் முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. வாடிக்கையாளரையும் கூப்பிட்டு அவர் தரப்பைக் கேட்போம், காரணத்தை எழுத்தில் கொடுப்போம், வேறு எங்கே சோதனை செய்யலாம் என்றும் சொல்வோம். பெரிய டாக்டர் அனுப்பியவர், பத்து வருட வாடிக்கை, கவுன்சிலருக்குச் சொந்தம் என்ற சலுகை எதுவும் இல்லை. மோசமான கூகுள் ரிவ்யூ வருமே என்ற பயம் முதலாளியின் கவலை, உங்களுடையது அல்ல.

ஊழியர் தரப்பிலும் தப்பு இருந்தால் அதைத் தனியாக விசாரிப்போம். பில்லில் நீங்கள் தப்பு செய்ததால் உங்களை ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னது சரியாகிவிடாது, அவர் சொன்னதால் உங்கள் பில் தப்பும் மறைந்துவிடாது.

எழுதி வையுங்கள்

அன்றைக்கே, முடிந்தவரை அவர் சொன்ன அதே வார்த்தைகளில், நேரத்தோடு எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், மேனேஜர் எழுதிப் படித்துக் காட்டுவார். நம் சிசிடிவி 15 நாளில் அழிந்துவிடும், அதனால் அன்று மாலைக்குள் பதிவை எடுத்து வைக்க வேண்டும். "பிரச்சினை பார்ட்டி" என்று ரெஜிஸ்டரில் எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வாடிக்கையாளர் பெயரையோ ரிப்போர்ட்டையோ போட்டுப் பேசினால் அதற்கு நம் பக்கம்தான் நடவடிக்கை.

பாலியல் தொல்லை என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி நம் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். வேலைக்காக நீங்கள் போகும் வாடிக்கையாளர் வீடும் அந்தச் சட்டத்தில் பணியிடம்தான். போலீசுக்குப் போக விரும்பினால் கூட வருவதும் உதவுவதும் நிர்வாகத்தின் கடமை; போகச் சொல்லியோ வேண்டாம் என்றோ யாரும் வற்புறுத்தக் கூடாது. அந்தச் சட்டம் பெண்களுக்கானது, ஆனால் நம் நடைமுறை ஆண்களுக்கும் உண்டு. எத்தனையோ வீடுகளுக்குப் போகிற பையன்கள் இதை வெளியே சொல்வதே இல்லை என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

சம்பவம் நடந்த அன்று மீதி ஷிப்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் சம்பளத்தோடு போகலாம்.

ரிசப்ஷனில் இந்த அறிவிப்பு ஒட்டப்படும்: "தாமதமோ தவறோ இருந்தால் தயங்காமல் கேளுங்கள், சரிசெய்து தருகிறோம். எங்கள் ஊழியர்களை இழிவாகப் பேசினாலோ தொட்டாலோ சேவையை நிறுத்த நேரிடும். உங்கள் ரிப்போர்ட் எந்த நிலையிலும் உங்களுக்குக் கிடைக்கும்."