பொருள்: கேலரி லிங்க், கேமரா சாமான்கள் பட்டியல் – ஆவணி முகூர்த்தங்களுக்கு (கொழிஞ்சாம்பாறை கவிதா)

வணக்கம் அண்ணா,

ஆவணி முகூர்த்தங்களுக்கு உங்கள் ஸ்டுடியோவோடு சேர்ந்து படம் எடுப்பது பற்றி நேற்று போனில் பேசியபடி கேலரி லிங்க்கையும் சாமான்கள் பட்டியலையும் அனுப்புகிறேன். “நல்ல படமா முப்பது பொறுக்கி அனுப்பாதம்மா, முழுக் கல்யாணத்தைக் காட்டு” என்று சொன்னீர்கள். அதனால் மூன்று கல்யாணங்களை, வீட்டுக்காரர்களுக்கு டெலிவரி செய்த அதே வரிசையில், எதையும் எடுத்துவிடாமல் போட்டிருக்கிறேன்.

https://gallery.example/kavitha-kzp/aavani
பாஸ்வேர்டு: Puzha-Kaatru-48

செப்டம்பர் கடைசி வரை லிங்க் திறந்திருக்கும். மூன்று குடும்பங்களிடமும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். ஸ்டுடியோவுக்குக் காட்ட மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இன்ஸ்டாகிராமிலோ ஸ்டேட்டஸிலோ போட வேண்டாம் அண்ணா.

முதல் ஃபோல்டர் 01_Kongu. வேலந்தாவளம் பக்கம் ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து இணைச்சீர், மங்கல வாழ்த்து, விடியற்காலை முகூர்த்தம் வரை எல்லாம் இருக்கிறது. பொள்ளாச்சியில் இந்த முறையெல்லாம் நீங்கள் பார்க்காததல்ல, விளக்க வேண்டியதில்லை. இணைச்சீரில் மாப்பிள்ளையின் அக்கா உட்கார்ந்திருக்கும் படங்களை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்கும் நேரம் அது. அந்தக் கல்யாணம் முழுக்க அக்காவுக்கென்று இருக்கும் சடங்கும் அது ஒன்றுதான். ஆல்பத்தில் அவருக்கு ஒரு ஷீட் கொடுக்கும் அளவுக்குப் படம் இருக்க வேண்டும் என்று நினைத்தே எடுத்தேன்.

02_Kalpathy என்பது பாலக்காட்டு ஐயர் கல்யாணம். காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் தெருவிலும் திண்ணையிலும் நடந்ததால் நல்ல வெளிச்சம். உள்ளே போனதும் ஹோமப் புகை. புகைக்கு நேரே முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் புகைதான் வெளுத்துத் தெரியும், முகம் அதற்குப் பின்னால் மங்கிப்போகும். அதனால் அங்கே பிளாஷை கேமராவிலிருந்து எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்துக் குறைந்த பவரில் அடித்திருக்கிறேன். புகை கோடுகோடாகத் தெரிகிறது, பெண்ணின் முகமும் தெளிவாக இருக்கிறது. 211ஆம் படத்திலிருந்து 240 வரை பாருங்கள்.

தாலி கட்டும்போது பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் பின்னாலிருந்து போடுவார். முன்னால் நிற்கிற கேமராவுக்கு அது கிடைக்காது. அதற்கு முந்தி நுகத்தடியைப் பெண் தலைக்கு மேல் வைக்கிற கணம் வேறு வரும், அதை முன்னாலிருந்துதான் எடுக்க முடியும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கெட்டிமேளம் தொடங்குவதற்குள் இடம் மாறியாக வேண்டும். சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே பேசி, பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடம் கேட்டு வாங்கிவிடுவேன். கேட்டால் தருகிறார்கள். கேட்காமல் நடுவில் புகுந்தால்தான் கோபம் வரும், அது நியாயம்தான்.

மூன்றாவது ஃபோல்டர் 03_Iruveedu. உங்களிடம் சேர்ந்து வேலை செய்ய நினைப்பதே இந்த மாதிரிக் கல்யாணங்களுக்காகத்தான். பெண் எங்கள் ஊர்ப்பக்கத் தமிழ்ப் பெண், மாப்பிள்ளை சித்தூர் நாயர் வீடு. காலையில் தமிழ் முறைப்படி சீர், மஞ்சள் கயிற்றில் தாலி. அப்புறம் அதே மேடையில் நிலவிளக்கு, நிறபறை, தென்னம்பாளை வைத்து, பொன் சங்கிலியில் கேரளத் தாலி, புடவை கொடுத்தல். முதல் பாதி இரண்டு மணி நேரம் நிதானமாகப் போனது. இரண்டாவது பாதி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை கையில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார், விளக்கைச் சுற்றி வருகிறார்கள், அடுத்து சத்யைக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிற டீம் இந்த வேகத்துக்குத் தயாராக இருப்பதில்லை. கேரளப் பக்கத்திலிருந்து வருகிற டீமோ சீர் நடக்கும்போது எது முக்கியம் என்று தெரியாமல் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு இரண்டு வீட்டுக் கல்யாணமும் பழக்கம். மலையாளத்திலும் சரளமாகப் பேசுவேன். “அம்மே, ஒண்ணு இங்ஙோட்டு நோக்கணே” என்று சொன்னால் பாட்டிகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்தக் கல்யாணத்தில் இன்னொரு சங்கடம் நிறம். பெண் அரக்குக் கூறைச்சேலையில், சுற்றி நிற்கிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் கசவு வைத்த வெள்ளை முண்டில். சேலைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கசவு வெளுத்து, நெசவே காணாமல் போகும். நான் வெள்ளைக்குத்தான் வைப்பேன். அரக்கை ராவிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை மீட்கவே முடியாது. ஃபோல்டருக்குள் raw_samples என்று பத்து ராவும் வைத்திருக்கிறேன். உங்கள் எடிட்டர் ஒருமுறை திறந்து பார்த்துவிடட்டும். அவர் கையில் போய்ச் சேரும் ஃபைல் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்தால் பின்னால் பேச்சு வராது.

மண்டபங்களில் இப்போது எல்லாம் எல்இடி. ஷட்டரைக் கண்டபடி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100, தேவைப்பட்டால் 1/50 வைத்துக்கொள்கிறேன். சைலன்ட் ஷட்டரை மண்டபத்துக்குள் தொடுவதே இல்லை.

இனி சாமான்கள். வாடகைக்கு எடுப்பது எதுவும் இதில் இல்லை, எல்லாம் சொந்தம்.

பாடி: சோனி ஏ7 மார்க் 4 (33 மெகாபிக்சல்), சோனி ஏ7 மார்க் 3 (24 மெகாபிக்சல்). இரண்டிலும் இரண்டு கார்டு ஸ்லாட். எப்போதும் இரண்டு கார்டிலும் ஒரே சமயத்தில் எழுதுகிற மாதிரி வைத்திருப்பேன். போன தையில் ஒரு ரிசப்ஷனில் கார்டு ஒன்று நடுவில் செத்துப்போனது. இரண்டாவது கார்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது, வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரியாது.

லென்ஸ்: சோனி 24-70 f/2.8, டாம்ரான் 70-180 f/2.8, சோனி 35 f/1.8, சோனி 85 f/1.8. முகூர்த்தத்தில் ஒரு பாடியில் 24-70, இன்னொன்றில் 85. கூட்டம் அதிகமானால் 85க்குப் பதில் 35.

லைட்: கோடாக்ஸ் வி1 இரண்டு, ஏடி200 ப்ரோ ஒன்று, ட்ரிகர், 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டு மூன்று, ஆரஞ்சு ஜெல், மணல் மூட்டை நாலு. மணல் மூட்டையைப் பட்டியலில் போடுகிறாளே என்று நினைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்கும் தெரியும். ஆவணியிலும் அடங்காது. மூட்டை இல்லாமல் வெளியில் சாஃப்ட்பாக்ஸை நிறுத்தினால் அது யார் தலையிலாவது விழும்.

மற்றவை: பேட்டரி ஆறு, 128 ஜிபி கார்டு எட்டு, 2 டிபி எஸ்எஸ்டி இரண்டு, லேப்டாப்.

ட்ரோன் இல்லை. கல்யாணத்தில் பறக்கவிடுவது வணிக வேலை. ட்ரோன் விதிகள் 2021படி பதிவு எண்ணும் ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். என்னிடம் இரண்டும் கிடையாது. உங்கள் ட்ரோன் ஆள் சான்றிதழ் உள்ளவராக இருந்தால் அவரோடு சேர்ந்து வேலை செய்வதில் எனக்கு ஒன்றுமில்லை. வீடியோவும் எடுப்பதில்லை. கேண்டிட் போட்டோ மட்டும்தான். வீடியோவுக்கு வருகிற அண்ணன்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: மேடையில் வீடியோ லைட்டை நேராக முகத்தில் அடித்தால் பெண் கண் சுருக்கிவிடுகிறாள். கொஞ்சம் உயர்த்திச் சாய்த்து வைத்தால் இரண்டு பேருக்குமே நல்லது.

என்னோடு லைட் பிடிக்கத் தம்பி வருவான். மணமகள் அறைக்குள் அவன் வரமாட்டான், நான் மட்டும் போவேன். மடிசார் கட்டுவது, தலைக்குப் பூ வைப்பது, அம்மா கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பது எல்லாம் அந்த அறைக்குள்தான் நடக்கின்றன. ஆண் போட்டோகிராபருக்கு அங்கே கதவு பாதி நேரம் மூடித்தான் இருக்கும். கேலரியில் மூன்று கல்யாணத்திலும் அந்த அறைப் படங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள். குடும்பத்தார் பிறகு பிரேம் போடக் கேட்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

ஒப்படைப்பு பற்றி: வேலைக்குப் புறப்படும் முன் இரண்டு கேமராவின் நேரத்தையும் போனோடு ஒத்துப் பார்த்துவிடுவேன். அதனால் உங்கள் எடிட்டர் நேரப்படி அடுக்கினால் இரண்டும் சரியாகக் கலந்து வரும். உங்கள் மற்ற ஆட்களின் கேமரா நேரத்தையும் அன்று காலையிலேயே சேர்த்துச் சரிபார்த்துவிடலாம். அன்று இரவே இரண்டு எஸ்எஸ்டியிலும் காப்பி போட்டு, ஒன்றை உங்கள் ஆளிடம் கொடுத்துவிடுவேன். இன்னொன்று ஆல்பம் டெலிவரி ஆகும் வரை என்னிடம் இருக்கும். கார்டுகளை அதுவரை ஃபார்மட் செய்ய மாட்டேன். ஃபோல்டர் பெயர் இப்படி இருக்கும்:

```
0828_Gopalapuram_Muhurtham/A7M4
0828_Gopalapuram_Muhurtham/A7M3
```

வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ரேட்: முகூர்த்தம் மட்டும் 14,000 ரூபாய். முதல் நாள் ரிசப்ஷனும் சேர்த்து 22,000. தம்பியின் கூலி, லைட் எல்லாம் இதற்குள். பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு வரை போக்குவரத்துக்குத் தனியாகக் கேட்க மாட்டேன். குருவாயூர், கோவை தாண்டி என்றால் பெட்ரோலும் தங்குவதும் ஸ்டுடியோ பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ், மீதி ஃபைல் கொடுத்த ஒரு வாரத்துக்குள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முன்பு ஒரு இடத்தில் வேலை முடிந்து ஆல்பமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பணம் மாதக்கணக்கில் இழுத்தது. உங்களிடம் அப்படி நடக்காது என்று தெரிந்தவர்கள் சொன்னதால்தான் நானாகப் போன் செய்தேன். எடிட் செய்த படங்களில் இருபதை, குடும்பம் சம்மதித்தால், என் பெயரோடு என் கேலரியிலும் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். அது எனக்கு ரேட்டை விட முக்கியம் அண்ணா.

ஆடி முடிந்ததும் சிங்ஙம் பிறந்துவிடும். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களும் நம் ஆவணி முகூர்த்தங்களும் ஒரே நாளில் வந்து மோதும். ஆகஸ்ட் 29ம் செப்டம்பர் 4ம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன கோபாலபுரம் முகூர்த்தம் 28தானே, அது காலியாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உறுதியானால் மண்டபத்தின் பெயரையும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எந்த முறை என்பதையும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். ஒருநாள் முன்னதாகப் போய் மேடை எந்தத் திசை பார்க்கிறது, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்புடன்,
கவிதா
கொழிஞ்சாம்பாறை